கல்லீரல் பலவீனமானவருக்குக் காய்ச்சல்: பாரசிட்டமால் கணக்கு

காய்ச்சல் சீசனில் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர், “எனக்கு லிவர்ல பிரச்சினை இருக்கு, பாரசிட்டமால் வேண்டாம், வேற வலி மாத்திரை ஏதாவது குடுங்க” என்பார். இன்னொருவர் தினமும் குடிக்கிறவர். சளிக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு 650 ஒரு அட்டை என்று வாங்கிக்கொண்டு போவார்.

இருவர் செய்வதும் தவறு, ஆனால் எதிரெதிர்த் திசைகளில். முதலாமவர் தவிர்க்கிற மாத்திரைதான் அவருக்கு இருப்பதிலேயே பாதுகாப்பானது. அளவு மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வதில் பாதி. இரண்டாமவர் வாங்கிய மூன்று பொட்டலத்திலும் ஒரே மருந்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு தவறுகளும் எங்கிருந்து வருகின்றன என்று புரிய, மாத்திரை கல்லீரலுக்குள் போனபின் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

## கல்லீரலுக்குள் நடப்பது

பாரசிட்டமால் தன்னளவில் கல்லீரலைக் கெடுப்பதில்லை. விழுங்கிய மருந்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கல்லீரல் சர்க்கரை வகை அமிலத்தோடும் சல்பேட்டோடும் சேர்த்து, நீரில் கரையும் பொருளாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. இந்தப் பாதையால் ஒரு தொந்தரவும் இல்லை.

மீதியில் ஒரு சிறு பங்கு, சுமார் 5 முதல் 10 சதவீதம், வேறு வழியில் போகிறது. 2ஈ1 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு நொதி அதைப் பிடித்து ‘நாப்கி’ என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. கல்லீரல் செல்லைக் கொல்வது இந்த நாப்கிதான். ஆனால் செல்லுக்குள் குளூட்டாதயோன் என்றொரு பொருள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். நாப்கி உருவான உடனே அது போய் ஒட்டிக்கொண்டு நச்சை முறித்துவிடும். கையிருப்பு போதுமான அளவு இருக்கும்வரை நமக்கு எதுவும் தெரியாது. அது சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், முறிக்கப்படாத நாப்கி செல்லின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது, செல்கள் சாகத் தொடங்குகின்றன.

ஆகவே ஆபத்து மாத்திரையின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததல்ல. மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்:

1. எவ்வளவு மருந்து உள்ளே போகிறது.
2. அதில் எவ்வளவு நாப்கியாக மாறுகிறது.
3. அதை முறிக்கக் குளூட்டாதயோன் எவ்வளவு இருக்கிறது.

நல்ல உடம்புள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. தினக் குடிகாரருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நேரத்தில் மோசமாகின்றன. அதனால்தான் முதலாவதைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

## குடி எந்த இடத்தில் குறுக்கே வருகிறது

சாராயத்தை உடைக்கும் வேலையில் ஒரு பகுதியை அதே 2ஈ1 நொதிதான் பார்க்கிறது. தினமும் குடித்தால் கல்லீரல் இந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்து வைத்துக்கொள்கிறது. குடி குளூட்டாதயோன் கையிருப்பையும் குறைக்கிறது. சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர்களுக்கு இந்தக் குறைவு இன்னும் அதிகம், ஏனென்றால் உணவிலிருந்து வரும் புரதச் சத்தைக் கொண்டுதான் உடம்பு அதைத் தயாரிக்கிறது.

பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. உடம்பில் சாராயம் இருக்கும் நேரத்தில் நொதி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். பாரசிட்டமாலைப் பிடிக்க அதற்கு நேரம் குறைவு. குடியை நிறுத்தியதும் போட்டி போய்விடுகிறது. ஆனால் பெருகிய நொதி உடனே குறைவதில்லை, இறங்கச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களில்தான் ஒரே அளவு மருந்திலிருந்து அதிக நாப்கி உருவாகக்கூடும்.

இப்போது காய்ச்சல் வந்தவரை நினைத்துப் பாருங்கள். வாய் கசக்கிறது, சரக்கு பிடிக்கவில்லை, குடியை நிறுத்திவிட்டார். சாப்பாடும் இறங்கவில்லை, வாந்தி வேறு. உடம்பு வலி தாங்காமல் மாத்திரை மேல் மாத்திரை போடுகிறார். பெருகிய நொதி, வற்றிய கையிருப்பு, கூடுதல் மருந்து மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவருவது சாதாரணக் காய்ச்சலில்தான்.

‘அப்படியென்றால் குடித்துக்கொண்டே மாத்திரை போட்டால் நல்லதா?’ என்று யாராவது கேட்பார்கள். இல்லை. அந்தப் பாதுகாப்பு தற்காலிகம், சரக்கு இறங்கியதும் போய்விடும். குடி கல்லீரலுக்குச் செய்யும் கெடுதல் மட்டும் மிஞ்சும். மிளகுத்தூள் போட்ட பிராந்தி சளியை அறுக்கும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான்.

சரி, ‘அதிகக் குடி’ என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் பாரசிட்டமால் அட்டைகளில் எச்சரிக்கை அச்சிடுவதற்கு வைத்த எல்லை, தினமும் மூன்று அளவு அல்லது அதற்கு மேல். அவர்களுடைய ஒரு அளவில் 14 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். மூன்றுக்கு 42 கிராம். நம் ஊர்க் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கு. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் வரும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு முழு பாட்டிலில் ஏறக்குறைய 41 கிராம். ஆக “நான் பெரிய குடிகாரன் இல்லீங்க, ராத்திரி ஒரு குவார்ட்டர்தான்” என்பவர் இந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டவர்.

## அமெரிக்காவில் நடந்த வழக்கு

இந்த எச்சரிக்கை அட்டையில் ஏறியதற்குப் பின்னால் ஒரு காய்ச்சல் இருக்கிறது. 1993 பிப்ரவரியில் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒருவர், வெள்ளை மாளிகையில் வேலை பார்த்தவர், ஃப்ளூ போன்ற உடம்பு வலிக்காக டைலினால் மாத்திரையை ஐந்து நாட்கள் வழக்கமான அளவில் எடுத்தார். அங்கே பாரசிட்டமால் விற்கும் பிரபலமான பெயர் அது. இரவுச் சாப்பாட்டோடு இரண்டு மூன்று கிளாஸ் ஒயின் குடிப்பது அவருடைய பழக்கம். மருத்துவமனைக்கு வந்தபோது அவர் கோமாவில் இருந்தார். உடனே கல்லீரல் மாற்று அறுவை செய்ய வேண்டியதாயிற்று. குடிப்பவர்களுக்கு எச்சரிக்கை சொல்லவில்லை என்று அவர் தொடுத்த வழக்கில், ஜூரி 1994ல் அவருக்கு 88 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் 1995ல் தீர்ப்பு நின்றது. 1998ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தினமும் மூன்று அளவோ அதற்கு மேலோ குடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்ற வாசகத்தைக் கட்டாயமாக்கியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குடியை அப்போதுதான் நிறுத்தியவர்களை மருத்துவக் கண்காணிப்பில் வைத்து, நாளுக்கு 4 கிராம் வீதம் இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. அதனால், சரியான அளவில் ஆபத்து மிகைப்படுத்தப்படுகிறது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எனக்கு அந்த ஆய்வுகள் பொய் என்று தோன்றவில்லை. ஆனால் அவை வேறு சூழ்நிலையைப் பற்றியவை. கண்காணிப்பில் இருப்பவருக்கு மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார்கள், நாட்களுக்கும் வரம்பு உண்டு. வீட்டில் மூன்று நாள் பட்டினி கிடந்து, எத்தனை போட்டோம் என்று நினைவில்லாமல் விழுங்குபவர் அந்த ஆய்வில் இல்லை. மருத்துவமனைக்கு வந்து சேருபவர் அவர்தான்.

## சிரோசிஸ் இருந்தும் ஏன் பாரசிட்டமாலே?

குடியோ, ஹெபடைடிஸ் பியோ, கொழுப்போ, எந்தக் காரணத்தால் கல்லீரல் சுருங்கித் தழும்பேறியிருந்தாலும் அதற்குச் சிரோசிஸ் என்று பெயர். இவர்களுக்குப் பாரசிட்டமால் உடம்பை விட்டுப் போக அதிக நேரம் எடுக்கிறது. குளூட்டாதயோனும் குறைவாக இருக்கலாம். அதனால் கல்லீரல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு நாளுக்கு 2 கிராம்.

‘எதற்கு வம்பு’ என்று அதை விட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் பக்கம் போவதுதான் உண்மையான வம்பு. சிரோசிஸ் முற்றியவரின் சிறுநீரகம், புரோஸ்டாகிளாண்டின் என்ற உடல் ரசாயனத்தின் தயவில்தான் தன் ரத்த ஓட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும். இந்த வலி மாத்திரைகளின் வேலையே அந்த ரசாயனத்தை நிறுத்துவது. வலி குறைகிறது, கூடவே சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்கு இரண்டே நாளில் சிறுநீர் குறைந்து கிரியேட்டினின் ஏறலாம். இரைப்பையில் புண் வரும், ரத்தத் தட்டணுக்களின் வேலை தடைபடும். உணவுக்குழாயில் புடைத்த ரத்த நாளங்கள் இருந்தால் ரத்த வாந்திவரை போகும். ‘ஒரு ஊசி போட்டா கேட்டுடும்’ என்று கிளினிக்கில் இடுப்பில் போடும் வலி ஊசியும் பல நேரங்களில் டைக்ளோஃபெனாக்தான். ஊசி போடும் முன்பே “எனக்குச் சிரோசிஸ் இருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் டெங்குவாக இருந்தாலும் இந்த வகை மாத்திரைகள் கூடாது என்பது இன்னொரு காரணம்.

சளி மாத்திரையில் இன்னொரு சிக்கல் உண்டு. மூக்கொழுகலை நிறுத்த அதில் குளோர்ஃபெனிரமின் சேர்ப்பார்கள். அது தூக்கத்தைத் தரும். முற்றிய சிரோசிஸில் அம்மோனியா போன்ற கழிவுகள் மூளையை மந்தமாக்கும் நிலை வரலாம். தூக்க மருந்து அதைத் தூண்டவும் செய்யும், மறைக்கவும் செய்யும். “மாத்திரை போட்டுட்டுத் தூங்குறாரு” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பாரசிட்டமாலைக் கவனியுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பவர் நாளுக்கு நான்கு குடித்தால் பத்தியம் போய்விடும்.

## ஒரு நாள் மாத்திரைக் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வயது 48, எடை 58 கிலோ, பல வருடமாக இரவில் ஒரு குவார்ட்டர். காய்ச்சல், மூக்கொழுகல், உடம்பு வலி. இரண்டு நாளாகக் குடிக்கவில்லை, கஞ்சி மட்டும் அரை டம்ளர். அவர் ஒரு நாளில் போட்டது இவ்வளவு:

1. மெடிக்கலில் கொடுத்த சளி மாத்திரை, வேளைக்கு ஒன்று, மூன்று வேளை. ஒவ்வொன்றிலும் பாரசிட்டமால் 500. மொத்தம் 1,500 மில்லிகிராம்.
2. காய்ச்சலுக்கு 650 மாத்திரை, நான்கு தடவை. மொத்தம் 2,600.
3. உடம்பு வலிக்கு அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை, காலை இரவு. அதில் பாரசிட்டமால் 325 உண்டு. மொத்தம் 650.

கூட்டினால் 4,750 மில்லிகிராம். நல்ல கல்லீரலுக்கே இது வரம்பு மீறல். இவருக்குரிய 2 கிராமைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எடையோடு வகுத்தால் கிலோவுக்கு 82 மில்லிகிராம் வருகிறது. பிரிட்டனில் 24 மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டியவரை மருத்துவமனைக்கு அனுப்பி மதிப்பிடச் சொல்கிறார்கள். இவர் தற்கொலைக்கு முயலவில்லை, கவனக்குறைவானவரும் இல்லை. ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே பார்த்தால் சரியான அளவில்தான் போட்டிருக்கிறார்.

இந்தத் தவறு நடக்க ஏதுவாக இருப்பது நாம் மாத்திரை வாங்கும் விதம். “காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட்” என்று கேட்டால், அட்டையிலிருந்து கத்தரித்த துண்டுகள் சிறு காகித உறையில் வரும். கத்தரித்த துண்டில் பெயரின் பாதி இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்ட சேர்மானம் அடுத்தவருக்குப் போன துண்டில் இருக்கும். பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று தோன்றுகிறது. இப்படி வாங்கும்போது, “இதுல எதுலெல்லாம் பாரசிட்டமால் இருக்கு, எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்டு, உறையின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் சலித்துக்கொள்ளலாம், பரவாயில்லை. இலங்கையில் பனடோல் என்ற பெயரில் பழகியவர்கள் சளிக்கென்று வரும் வகைகளின் பெட்டியையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

## யாருக்கு எவ்வளவு

கீழே உள்ளவை பெரியவர்களுக்கு, சில நாள் காய்ச்சலுக்கு மட்டும். சொந்த மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

1. தினமும் குடிப்பவர், அண்மையில் நிறுத்தியவர், சாப்பிட முடியாமல் கிடப்பவர்: நாளுக்கு 2 கிராமுக்குள். 500 மாத்திரை என்றால் நான்கு, ஆறு மணி நேர இடைவெளியில். 650 என்றால் மூன்று, எட்டு மணி நேர இடைவெளியில். எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் இன்னும் குறைக்க வேண்டும், மருத்துவரைக் கேளுங்கள்.
2. சிரோசிஸ் உள்ளவர், ஆனால் மஞ்சள் காமாலையோ வயிற்றில் நீரோ குழப்பமோ இல்லாதவர்: இவருக்கும் அதே 2 கிராம்.
3. வயிற்றில் நீர், மஞ்சள் கண், முன்பு மயக்கக் குழப்பம் வந்தவர்: முதல் மாத்திரைக்கு முன்பே தன் மருத்துவரிடம் பேச வேண்டும். இவருக்குக் காய்ச்சல் வெறும் சளியாக இல்லாமல் வயிற்று நீரில் தொற்றாகவும் இருக்கலாம்; மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கினால் அந்தத் தொற்று வெளியே தெரியாமல் போகும்.
4. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று மட்டும் வந்தவர், குடிக்காதவர்: இவருக்குச் சில நாட்கள் எடுப்பதில் பொதுவாகப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் 4 கிராம்வரை போக அவசியமும் இல்லை.

எல்லாருக்கும் பொதுவானது, ஒரு நேரத்தில் பாரசிட்டமால் உள்ள ஒரே ஒரு மாத்திரை வகை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, ஆவி போதும். 100 டிகிரி காய்ச்சலை 98க்கு இறக்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. உடம்பு வலி தாங்கவில்லை, தூங்க முடியவில்லை என்றால் மட்டும் போட்டால் போதும். சாப்பாடு இறங்காவிட்டாலும் கஞ்சி, பருப்புத் தண்ணீர், முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் மாத்திரையைத் தொடராமல் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், ஹெபடைடிஸ் ஏ எல்லாமே முதலில் சாதாரணக் காய்ச்சல் வேஷத்தில் வருபவை, கல்லீரலையும் தொடுபவை.

தினக் குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரலாம். பார்ப்பதற்குக் காய்ச்சல் நடுக்கம் போலவே இருக்கும். பாரசிட்டமால் அதைத் தீர்க்காது. இல்லாத ஒன்று தெரிவது போலப் பேசினாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனை. அதற்கெனத் தனி மருந்து இருக்கிறது.

## பாதிப்பை எப்படிக் கண்டுகொள்வது

முதல் நாள் அறிகுறிகள் ஏமாற்றும். குமட்டல், பசியின்மை, சோர்வு, வாந்தி என எல்லாமே காய்ச்சலிலும் இருப்பவை. இரண்டாம் மூன்றாம் நாளில் வலது விலாவுக்குக் கீழே வலி வரலாம். அப்புறம் கண் மஞ்சளாகி, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போகும், பல் ஈறில் ரத்தம் கசியும், பேச்சு குழறும். காய்ச்சல் இறங்கிய பின்னும் வாந்தி கூடிக்கொண்டே போனால், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் இதைப் பிரித்துக் காட்டும் தடயம் ஒன்று உண்டு. குடியால் மட்டும் கல்லீரல் வீங்கினால் ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதியின் அளவு பெரும்பாலும் 400க்குள்ளேயே நிற்கும். பாரசிட்டமால் சேர்ந்தால் அது ஆயிரக்கணக்கில் ஏறும். ‘குடிகாரர்தானே, லிவர் அப்படித்தான் இருக்கும்’ என்று 5,000 ஏஎஸ்டியைத் தள்ளிவிட முடியாது.

சிகிச்சைக்கு அசிட்டில்சிஸ்டைன் என்ற முறிமருந்து இருக்கிறது. அது உடம்பு குளூட்டாதயோனைத் திரும்பத் தயாரிக்க மூலப்பொருள் தருகிறது. ஒரே தடவையில் அதிக மாத்திரை விழுங்கியவருக்கு 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பித்துவிடும். தாமதமாக வந்தவருக்கும் பயன் உண்டு, அதனால் ‘நேரம் போச்சு’ என்று விடுவதில்லை. சளியைக் கரைக்க இதே மருந்தைக் கரையும் மாத்திரையாக விற்கிறார்கள். அதை வீட்டில் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே தேவைப்படும் அளவே வேறு, எடைக்கு ஏற்பக் கணக்கிட்டு ஏற்றுவது.

மருத்துவமனையில் ஒரு குழப்பம் வரக்கூடும். ஒரே தடவையில் விழுங்கியவருக்கு ரத்தத்தில் பாரசிட்டமால் அளவைப் பார்த்து, வரைபடத்தில் வைத்து முடிவெடுப்பார்கள். மூன்று நான்கு நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவருக்கு அந்த வரைபடம் பொருந்தாது. மருந்து ரத்தத்தை விட்டுப் போய், அளவு பூஜ்யமாகக்கூட இருக்கலாம், கல்லீரல் மட்டும் சிதைந்துகொண்டிருக்கும். அப்போது மருத்துவருக்கு வழிகாட்டுவது நோயாளி தரும் விவரம்தான். அதனால் போகும்போது காலி அட்டைகள், கத்தரித்த துண்டுகள், காகித உறைகள், சிரப் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த நாளிலிருந்து எத்தனை வேளை போட்டார், கடைசியாகக் குடித்தது என்றைக்கு, கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது என்றைக்கு என்ற மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமனார் முன்னால் குடியைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.